எண்களின் அண்டை வீடு – 14
புள்ளி இல்லாத கோடு

சென்ற வாரம் கில்லர் சுடோகுவைப் பார்த்தோம். அங்கே கட்டங்களைச் சேர்த்து ஒரு கூட்டுத்தொகை கொடுத்திருப்பார்கள். இந்த வாரச் சுடோகுவில் கூட்டுத்தொகையும் கிடையாது, பல புதிர்களில் தொடங்கிவைக்க ஓர் எண்கூட இருக்காது. இரண்டு கட்டங்களைப் பிரிக்கும் கோட்டின்மேல் சில இடங்களில் வெள்ளைப் புள்ளி, சில இடங்களில் கறுப்புப் புள்ளி. அவ்வளவுதான். போலந்து மொழிப் பெயரால் இதை ‘குரோப்கி’ என்கிறார்கள்.

சுடோகுவின் பழைய விதிகளில் மாற்றம் இல்லை. ஒவ்வொரு வரிசையிலும், நெடுவரிசையிலும், ஒன்பது கட்டப் பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒருமுறை வர வேண்டும். புதிதாகச் சேர்வது மூன்று விதிகள். வெள்ளைப் புள்ளியின் இருபுறமும் அடுத்தடுத்த எண்கள் வரும். 6-ம் 7-ம் போல. கறுப்புப் புள்ளியின் ஒருபுறம் இருக்கும் எண் மறுபுறத்து எண்ணைப்போல இரு மடங்கு. 3-ம் 6-ம் போல. எந்தப் பக்கம் பெரியது என்று புள்ளி சொல்லாது. மூன்றாவது விதி: போடக்கூடிய எல்லாப் புள்ளிகளும் போடப்பட்டுவிட்டன. புதிரின் பாதி வேலையை இந்த மூன்றாவது விதிதான் செய்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் கறுப்பு. இரு மடங்கு உறவு கொண்ட ஜோடிகள் நான்கே நான்கு: 1-2, 2-4, 4-8, 3-6. ஆக, 5, 7, 9 மூன்றும் கறுப்புப் புள்ளியைத் தொடவே முடியாது. இந்த நான்கு ஜோடிகளையும் கோத்துப் பார்த்தால் 1-2-4-8 என்று ஒரு சங்கிலி கிடைக்கும். 3-6 அதில் சேராமல் தனியே நிற்கும். ஒரே வரிசையில் மூன்று கட்டங்களுக்கு இடையே இரண்டு கறுப்புப் புள்ளிகள் வந்தால், 3-6 அங்கே நுழையாது. 6-க்கு 3-ஐ விட்டால் வேறு கறுப்புத் துணை இல்லை, ஒரே வரிசையில் 3 இரண்டு முறை வரவும் முடியாது. எனவே அந்த மூன்று கட்டங்களில் 1-2-4 அல்லது 2-4-8 தான், நேராகவோ தலைகீழாகவோ. நடுக்கட்டம் 2 அல்லது 4. இரண்டில் எதுவானாலும் 2-ம் 4-ம் அந்த மூன்று கட்டங்களுக்குள்ளேயே அடங்கிவிடும்.

இங்கே அவசரப்படுகிறவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. மூன்று கட்டங்கள் நேர்கோட்டில் இல்லாமல் மூலையில் திரும்பி, பெட்டியின் எல்லையையும் தாண்டினால், முதல் கட்டமும் மூன்றாவது கட்டமும் ஒரே வரிசையிலோ நெடுவரிசையிலோ பெட்டியிலோ இருக்காது. அப்போது 3-6-3 தாராளமாக வரலாம். புள்ளிகள் வரிசையாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதாது. முனைகள் இரண்டும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்து வெள்ளை. 1-2, 2-3 என்று தொடங்கி 8-9 வரை எட்டு ஜோடிகள். ஒற்றை வெள்ளைப் புள்ளி பெரிதாக எதையும் விலக்காது. எல்லா எண்ணுக்கும் அதில் இடமுண்டு. ஆனால் ஒரே வரிசையிலோ பெட்டிக்குள்ளோ வெள்ளைப் புள்ளிகள் தொடர்ந்தால் நிலைமை மாறும். 5-லிருந்து 6-க்குப் போனவர் திரும்பி 5-க்கு வர முடியாது, அந்த எண் செலவாகிவிட்டது. 7-க்குத்தான் போக வேண்டும். எனவே தொடர் வெள்ளை என்றால் ஏறுவரிசை, இல்லையென்றால் இறங்குவரிசை.

1-2 ஜோடி இரண்டு கட்சியிலும் இருப்பது. அவை அடுத்தடுத்த எண்கள். ஒன்று மற்றதன் இரு மடங்கும்கூட. அவற்றுக்கிடையே எந்த நிறப் புள்ளியை வைப்பது என்பது புதிர் அமைப்பவரின் விருப்பம். ஆகவே 2-ஐ ஒட்டிக் கறுப்புப் புள்ளி இருந்தால் மறுபுறம் 1 அல்லது 4; வெள்ளை இருந்தால் 1 அல்லது 3. வெள்ளைதானே என்று 1-ஐ விலக்கிவிட்டால் கணக்கு எங்கோ போய்ச் சிக்கும்.

இப்போது மூன்றாவது விதிக்கு வருவோம். ஒன்பது எண்களிலிருந்து 36 ஜோடிகள் எடுக்கலாம். வெள்ளைக்கு எட்டு, கறுப்புக்கு 1-2 நீங்கலாக மூன்று. மொத்தம் 11 ஜோடிகள் புள்ளி கேட்பவை. மீதி 25 ஜோடிகள்தான் புள்ளி இல்லாத கோட்டின் இருபுறமும் நிற்க முடியும். சுடோகுவில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களைப் பிரிக்கும் கோடுகள் 144. நிரம்பிய சுடோகு ஒன்றில் 3-கள் எல்லாவற்றையும் 7 ஆகவும், 7-கள் எல்லாவற்றையும் 3 ஆகவும் மாற்றினாலும் அது சரியான சுடோகுவாகவே இருக்கும். அதனால் எல்லா அமைப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் எந்த ஜோடிக்கும் தனிச்சலுகை கிடையாது. அந்தக் கணக்கில் சராசரியாக 44 கோடுகளில் புள்ளி விழும், 100 கோடுகள் காலியாக இருக்கும். புதியவர்கள் 44-ஐ மட்டும் படிக்கிறார்கள். பழகியவர்கள் அந்த நூறையும் படிக்கிறார்கள்.

காலிக்கோடு எல்லா எண்ணையும் ஒரே அளவில் நெருக்காது. 1-க்குப் புள்ளி உறவு 2-உடன் மட்டும், 9-க்கு 8-உடன் மட்டும். எனவே காலிக்கோட்டுக்கு அப்பால் அவற்றுக்கு ஏழு எண்கள் துணையாக வரலாம். மறுமுனையில் இருப்பது 4. அதற்கு 3, 5, 2, 8 என்று நான்கு பக்கமும் சொந்தம். காலிக்கோட்டுக்கு அப்பால் 4-க்கு மிஞ்சும் துணைகள் 1, 6, 7, 9 மட்டுமே. இப்போது ஒரு பெட்டியின் நட்டநடுக் கட்டத்தில் 4 இருக்கிறது, அதைச் சுற்றிய நான்கு கோடுகளிலும் புள்ளி இல்லை என்று வையுங்கள். மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கும் அதே பெட்டிக்குள் இருப்பதால் அவை வெவ்வேறு எண்கள். ஆக அங்கே 1, 6, 7, 9 நான்கும் வந்தாக வேண்டும். மூலைகளில் 2, 3, 5, 8. ஒரு புள்ளியும் இல்லாத இடம் பெட்டி முழுவதையும் இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிட்டது.

ஒரு பெட்டியை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ஒன்பது கட்டங்களுக்கும் எழுத்துகளைப் பெயராக வைத்திருக்கிறேன். ● கறுப்பு, ○ வெள்ளை.

```
அ ● ஆ ● இ
○
ஈ    உ ○ ஊ
          ○
எ ● ஏ ○ ஐ
```

அ–ஆ, ஆ–இ, எ–ஏ கோடுகளில் கறுப்பு. அ–ஈ, உ–ஊ, ஊ–ஐ, ஏ–ஐ கோடுகளில் வெள்ளை. மற்ற ஐந்து கோடுகளும் காலி. எண் எதுவும் தரப்படவில்லை.

மேல் வரிசையில் தொடங்கலாம். இரண்டு கறுப்புப் புள்ளிகள் அடுத்தடுத்து. எனவே அங்கே 1-2-4 அல்லது 2-4-8. எதுவென்று இன்னும் தெரியாது. ஆனால் 2-ம் 4-ம் மேலேயே முடிந்துவிட்டன என்பது உறுதி.

அந்த உறுதியோடு கீழே எ–ஏ கறுப்புப் புள்ளிக்கு வாருங்கள். நான்கு கறுப்பு ஜோடிகளில் மூன்றில் 2 அல்லது 4 இருக்கிறது. அவை இரண்டும் மேலே போய்விட்டன. மிச்சம் 3-6 தான். எ, ஏ இரண்டிலும் 3-ம் 6-ம்.

ஏ-யிலிருந்து ஐ, ஊ, உ என்று மூன்று வெள்ளைப் புள்ளிகள் தொடர்கின்றன. நான்கு கட்டங்களும் ஒரே பெட்டியில் இருப்பதால் பாதை வளைந்தாலும் எண்கள் திரும்பி வர முடியாது. நான்கு தொடர் எண்கள் ஏறியோ இறங்கியோ வர வேண்டும். ஏ-யில் 3 இருந்தால் அடுத்தது 2 அல்லது 4. இரண்டும் மேல் வரிசையில் இருப்பவை, ஆகாது. எனவே ஏ 6, எ 3. 6-லிருந்து இறங்கினால் 5-க்குப் பிறகு 4 வேண்டும், அதுவும் ஆகாது. ஏறத்தான் வேண்டும்: ஐ 7, ஊ 8, உ 9.

8 ஊ-வுக்குப் போனதால் மேலே 2-4-8 அடிபடுகிறது. அங்கே 1-2-4, நடுவில், ஆ-வில், 2. அ, இ இரண்டில் 1-ம் 4-ம். எஞ்சியிருக்கும் ஒரே எண் 5, எஞ்சியிருக்கும் ஒரே கட்டம் ஈ.

4 எந்தப் பக்கம்? இ-க்கும் ஊ-வுக்கும் நடுவிலுள்ள கோடு காலி. ஊ-வில் 8 இருக்கிறது. இ-யில் 4 வந்தால் அங்கே கறுப்புப் புள்ளி போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ஆகவே இ 1, அ 4. இதையே வேறு வழியில் சரிபார்க்கலாம்: அ–ஈ வெள்ளைப் புள்ளியின் இருபுறமும் 4-ம் 5-ம், பொருந்துகிறது. பெட்டி மேலிருந்து கீழாக 4-2-1, 5-9-8, 3-6-7. காலிக்கோடுகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்: 1-8, 2-9, 5-9, 5-3, 9-6. ஐந்திலும் புள்ளிக்கு வேலை இல்லை. முடித்த பிறகு இப்படிக் காலிக்கோடுகளைச் சரிபார்ப்பது நல்ல பழக்கம். புள்ளிகளெல்லாம் பொருந்தி, ஒரு காலிக்கோட்டின் இருபுறமும் 7-8 உட்கார்ந்திருந்தால் தவறு அதற்கு முன்பே நடந்துவிட்டது என்று பொருள்.

ஒரு எச்சரிக்கை. எல்லா வெள்ளை, கறுப்புப் புள்ளிப் புதிர்களிலும் மூன்றாவது விதி இருக்காது. அமைப்பவர் சில புள்ளிகளை மட்டும் வைத்து, ‘எல்லாப் புள்ளிகளும் தரப்படவில்லை’ என்று விதியில் எழுதியிருப்பார். அங்கே காலிக்கோடு எதையும் சொல்வதில்லை. அதன் இருபுறமும் 4-8 வரலாம், 6-7-ம் வரலாம். அதை மறந்து காலிக்கோட்டை நம்பிப் போனால், ஏதோ ஒரு கட்டத்தில் எந்த எண்ணுக்கும் இடமில்லாமல் நின்றுவிடுவீர்கள். பென்சிலை எடுப்பதற்கு முன் விதி வாசகத்தில் இந்த ஒரு வரியைத் தேடுங்கள். வேறு பல சுடோகு வகைகளோடு கலந்து வரும் புதிர்களில் பெரும்பாலும் இதைத் தனியே சொல்லியிருப்பார்கள்.

இந்த வாரப் பயிற்சி: ஒரே வரிசையில் மூன்று கட்டங்கள். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே வெள்ளை, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே கறுப்பு. நடுக்கட்டம் கறுப்புப் புள்ளியைத் தொடுவதால் 1, 2, 3, 4, 6, 8 ஆகிய ஆறில் ஒன்று. அந்த ஆறிலும் ஒரே ஒரு எண் மட்டும் நடுவில் வரவே முடியாது. எது, ஏன்? விடையோடு அடுத்த வாரம் தெர்மோ சுடோகுவுக்குப் போவோம்.

(தொடரும்)