ரெஸ்யூமேயில் ஒரு தேதி, படிவத்தில் வேறு தேதியா?

ரெஸ்யூமேயைப் பதிவேற்றிய பிறகும் பல நிறுவனங்களின் இணையதளங்கள் விடுவதில்லை. பழைய வேலை விவரங்களையெல்லாம் கட்டம் கட்டமாக மறுபடி நிரப்பச் சொல்கின்றன. வேலை உறுதியானதும் பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். படிவத்தில் எழுதியதை ரிலீவிங் லெட்டரோடும், பல நேரங்களில் பி.எஃப். பதிவோடும் ஒப்பிடுவார்கள். ரெஸ்யூமே ஒன்றும் படிவம் வேறொன்றும் சொன்னால், விளக்கம் கேட்பார்கள்.

சிக்கல் பெரும்பாலும் தேதியில்தான். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் ரெஸ்யூமேயில் 2018–2021 ஒரு நிறுவனம், 2021 முதல் இன்றுவரை இன்னொன்று என்று இருக்கிறது. பார்த்தால் இடைவெளியே தெரியாது. படிவமோ நாள், மாதம், வருடம் மூன்றையும் கேட்கிறது. கடிதங்களின்படி அவர் முதல் நிறுவனத்திலிருந்து விலகியது 26-2-2021. அடுத்ததில் சேர்ந்தது 5-7-2021. நடுவில் நான்கு மாதத்துக்கு மேல் வேலை இல்லை. அதை மறைக்க மே மாதம் வரை இருந்ததாகப் போட்டால், ரிலீவிங் லெட்டரே காட்டிக்கொடுத்துவிடும். உள்ள தேதியைப் போட்டுவிட்டு, கேட்டால் காரணத்தைச் சொல்வதே நல்லது. ரெஸ்யூமேயிலும் மாதத்தைச் சேர்த்துவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும்.

அடுத்தது நிறுவனத்தின் பெயர். ஒரு வங்கியில் உட்கார்ந்து வேலை பார்த்திருப்பார், சம்பளமும் பி.எஃப்.பும் ஆள் அனுப்பும் ஏஜென்சியின் பெயரில் வந்திருக்கும். வங்கியைக் கேட்டால், அப்படி ஒருவர் எங்கள் ஊழியரே இல்லை என்பார்கள். ஆகவே நிறுவனம் என்ற கட்டத்தில் ஏஜென்சியின் பெயர். எந்த வங்கிக்காக வேலை செய்தோம் என்பது பணி விவரத்தில். ரெஸ்யூமேயிலும் இதே வரிசைதான். பதவியும் கடிதத்தில் உள்ளபடியே இருக்கட்டும்.

சில தளங்கள் ரெஸ்யூமேயைப் படித்துக் கட்டங்களைத் தாமே நிரப்பிவிடும். அதை அப்படியே நம்பக் கூடாது. இரண்டு பத்தியாக அமைந்த ரெஸ்யூமே என்றால், பதவி நிறுவனத்தின் கட்டத்தில் போய் உட்காரும். வருடம் மட்டும் இருந்தால் மாதத்தைத் தானாகவே ஜனவரி என்று போட்டுவிடுவதும் உண்டு. அமெரிக்கத் தளங்களில் MM/DD/YYYY என்று மாதம்தான் முதலில் வரும். நம் வழக்கப்படி 5-7 என்று அடித்தால் ஜூலை 5, மே 7 ஆகிவிடும்.

படிவத்தைத் திறக்கும் முன்பே நிறுவனத்தின் முழுப் பெயர், பதவி, சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவற்றைக் கடிதங்களைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பி.எஃப். தளத்தின் Service History பக்கத்தோடும் ஒருமுறை சரிபாருங்கள். அங்கே விலகிய தேதி தவறாக இருந்தால், பழைய நிறுவனத்திடம் இப்போதே சொல்லித் திருத்தக் கேளுங்கள். அனுப்பிய பிறகு பிழை கண்ணில் பட்டால், சரிபார்ப்பு தொடங்கும்வரை காத்திருக்காமல் சரியான தேதியை எச்.ஆருக்கு மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்.