1857: வினாவும் விடையும்

வரலாறு பயிலும் மாணவரைத் தேர்வுக் கூடத்தில் திகைக்க வைக்கும் வினாக்களுள் ஒன்று, "1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பற்றிய விளக்கங்கள் காலப்போக்கில் எவ்வாறு மாறின? ஆராய்க" என்பது. நம் குடும்பங்களில் பட்டப் படிப்பிற்கும் ஆட்சிப் பணித் தேர்விற்கும் ஆயத்தம் செய்யும் இளைஞர் பலர் இருத்தலின், இதனைச் சிறிது நின்று நோக்குவோம்.

முதலில் ஒன்று தெளிதல் வேண்டும். இவ்வினா கிளர்ச்சியைப் பற்றியதன்று. அதனைப் பற்றி எழுதியோரைப் பற்றியது. மீரத்தில் மே 10-ஆம் நாள் தொடங்கி, டில்லி வீழ்ந்தது வரை கதையை இரண்டு பக்கம் எழுதும் மாணவர், கேளாத வினாவிற்கு விடை தந்தவராவார்.

அடுத்து, "ஆங்கிலேயர் சிப்பாய்க் கலகம் என்றனர், இந்தியர் சுதந்திரப் போர் என்றனர்" என்று எழுதி முடிப்போர் மிகப் பலர். கேட்க நேராகத் தோன்றினும் அது பொருந்தாது. இது படைக் கலகமா, தேசியக் கிளர்ச்சியா என்று 1857 ஜூலையிலேயே பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் வினவியவர் டிஸ்ரேலி. கம்பெனி அரசின் ஊழியரான சையது அகமது கான், இந்தியர் எவரும் சட்ட மன்றத்தில் இடம்பெறாமையால் அரசு மக்கள் மனத்தை அறியாது போயிற்று என உருது மொழியில் எழுதினார். இவ்விருவரையும் மேற்கண்ட பாகுபாட்டில் எங்கே நிறுத்துவது?

1957-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். நூற்றாண்டு நிறைவையொட்டி ஒரே ஆண்டில் மூன்று நூல்கள் வெளிவந்தன. ஆர். சி. மஜூம்தார் அதனைத் தேசிய விடுதலைப் போர் என்று கூற மறுத்தார். அரசின் வேண்டுகோளின்படி எழுதிய எஸ். என். சென், சமயத்திற்காகத் தொடங்கிய போராட்டம் விடுதலைப் போராய் முடிந்தது என்றார். எஸ். பி. சௌதுரியோ சிப்பாய்களை விடுத்துக் குடிமக்களின் எழுச்சியை ஆராய்ந்தார். மூவரும் இந்தியர்; காலமும் ஒன்றே. ஆதலின், "காலம் மாறியது, கருத்தும் மாறியது" என்னும் விடை போதாது. தலைவர்களின் நோக்கம் யாது என்று கேட்டவர் ஒரு முடிபிற்கு வந்தார். ஊர்ப்புறத்தில் எழுந்தவர் யார் என்று கேட்டவர் வேறொன்றிற்கு வந்தார். கேட்ட கேள்வி எது என்பதே விடையில் முதலிடம் பெறத் தக்கது.

இதனை ஒரு பத்தியாக எழுதிக் காட்டுவோம். நிலங்கள் கடன் கொடுத்த வணிகர் கைக்கு மாறியமையே குடியானவரைக் கிளரச் செய்தது என்பது சௌதுரியின் கருத்து. பின்னர் எரிக் ஸ்டோக்ஸ் என்னும் ஆங்கில அறிஞர், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியிலுள்ள சகாரன்பூர், முசாபர்நகர் முதலிய மாவட்டங்களின் வருவாய்ப் பதிவேடுகளைப் பகுதி பகுதியாய் ஒப்பிட்டார். வணிகர் பிடி மிகுந்த இடங்களில் அன்று, அப்பிடி குறைந்திருந்த இடங்களிலேயே பெரும்பாலும் கிளர்ச்சி கடுமையாக இருந்தது எனக் கண்டார். அவர்தம் கருத்துகளைத் தொகுத்த நூல் 1978-இல் வெளிவந்தது. மாணவர் எழுத வேண்டுவது இவ்விரு பெயர்களை மட்டுமன்று. பொதுக் காரணம் தேடிய ஆராய்ச்சி மாவட்டக் கணக்கிற்கு இறங்கியமையால் முடிபு மாறியது. அம்முடிபும் அம்மாவட்டங்களுக்கே உரியது. அயோத்தி நாட்டைத் தனியே ஆராய்ந்த ருத்ராங்சு முகர்ஜி, தாலுக்தார்களும் குடியானவரும் ஒன்றாய் எழுந்தமையை 1984-இல் விளக்கினார். ஒரு வட்டாரத்தின் விடையை நாட்டிற்கெல்லாம் பொதுவாக்குதல் தேர்வாளர் உடனே காணும் குற்றம்.

"புதிய சான்றுகள் கிடைத்தன, ஆகவே புதிய விளக்கம்" என்று எழுதுவோரும் உளர். இதிலும் எச்சரிக்கை வேண்டும். முற்றுகையின்போது டில்லியில் எழுதப்பெற்ற உருது, பாரசீக ஆவணங்களின் பட்டியல் 1921-இலேயே அச்சாயிற்று. மனுக்களும் காவல் நிலையக் கடிதங்களும் அவற்றில் அடங்கும். அவற்றிலுள்ள எளிய மக்களின் அன்றாட வாழ்வு விரிந்த அளவில் நூல்களில் இடம்பெற்றதோ இந்நூற்றாண்டில்தான். மஹ்மூத் ஃபரூக்கியின் மொழிபெயர்ப்புத் தொகுப்பு 2010-இல் வந்தது. தாள்கள் இருந்தன, கடைக்காரரும் தண்ணீர் சுமப்போரும் என்ன பட்டனர் என்ற கேள்வி எழ நெடுங்காலம் ஆயிற்று. பழைய எழுத்துச் சிதைவுகளைப் படிக்க வல்லார் குறைந்தமையும் ஒரு காரணம் என்பது எம் எண்ணம்.

நேரம் நாற்பது நிமிடமாயின், முதல் ஐந்து நிமிடம் எழுதாமல் சிந்திப்பதே நன்று. பத்துப் பெயர்களை அடுக்குவதினும் நான்கு பெயர்களைத் தெரிந்து, ஒவ்வொருவரும் எக்கேள்வியைக் கேட்டார், எவ்வகைச் சான்றைக் கொண்டார், அடுத்தவர் அதில் எதனை மறுத்தார் என்று தொடர்ச்சியாய் எழுதுக. 1909-இல் சாவர்க்கர் எழுதிய நூலைக் குறிப்பிடுவோர், அது தடை செய்யப்பெற்ற செய்தியோடு நில்லாது, மஜூம்தார் மறுத்தது அந்நூல் பரப்பிய கருத்தையே என்பதையும் சேர்த்தெழுதுதல் வேண்டும். அப்போதுதான் ஒரு பத்தி மற்றொரு பத்தியோடு பேசும்.