பணம் எடுக்கப்படும் முன் வரும் செய்தி: இருபத்து நான்கு மணி நேரத்தில் நாம் செய்யக்கூடியது என்ன?

பொம்மனஹள்ளியில் ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் தையல் பிரிவில் பணிபுரியும் ஒருவரின் சேமிப்புக் கணக்கை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவருக்குச் சம்பளம் மாதந்தோறும் 7ஆம் தேதி வரவாகிறது. இருசக்கர வாகனக் கடனுக்கான தவணை 3,870 ரூபாய். அது 5ஆம் தேதி கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஒரு மாதம் 3ஆம் தேதி மாலை அவரது கணக்கில் 5,120 ரூபாய் இருந்தது. தவணைக்குப் போதுமான தொகை இருப்பதாக எண்ணி அவர் கவலையின்றி இருந்தார்.

அன்று மாலை அவரது கைபேசிக்கு வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. காணொளிச் சேவை ஒன்றின் ஆண்டுச் சந்தா 1,499 ரூபாய், மறுநாள் இரவு அவரது டெபிட் கார்டின் வழியே எடுக்கப்படும் என்பதே அதன் பொருள். செய்தி ஆங்கிலத்தில் இருந்ததால், விளம்பரம் என்று கருதி அவர் அதைத் திறந்தும் பார்க்கவில்லை. 4ஆம் தேதி இரவு சந்தா எடுக்கப்பட்டது. இருப்பு 3,621 ரூபாயாகக் குறைந்தது. 5ஆம் தேதி தவணைக் கோரிக்கை வந்தபோது 249 ரூபாய் குறைவாக இருந்தது. இத்தகைய தவணை முழுமையாக எடுக்கப்படும், அல்லது முழுமையாகத் திரும்பும். இருக்கும் வரை எடுத்துக்கொள்வது என்பது இல்லை. ஆகவே தவணை திரும்பியது.

அந்தக் குறுஞ்செய்தி விளம்பரமன்று. வாடிக்கையாளர் மறுப்புத் தெரிவிப்பதற்கென்றே விதிப்படி அனுப்பப்படும் முன்னறிவிப்பு அது.

விதி எங்கிருந்து வந்தது?

ஒருமுறை ஒப்புதல் அளித்துவிட்டால், அதன்பின் குறிப்பிட்ட காலந்தோறும் நிறுவனம் கேட்கும் தொகையை வங்கி கணக்கிலிருந்து அளிக்கும் ஏற்பாட்டைத் தானியங்கிப் பற்று ஆணை என்கிறோம். வழக்கில் ‘மேண்டேட்’ என்றும் ‘ஆட்டோபே’ என்றும் குறிப்பிடுவர். கார்டு வழியான ஆணைகளுக்கு இந்திய ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் விதிகளை வகுத்தது. 2020 ஜனவரியில் அவற்றை யு.பி.ஐ. வழியான ஆணைகளுக்கும் விரிவுபடுத்தியது. 2021 அக்டோபர் 1 முதல் இவ்விதிகளுக்கு உட்படாத கார்டு ஆணைகள் நிறைவேற்றப்படுவதில்லை.

பணம் எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே வாடிக்கையாளருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது இவ்விதிகளின் மையம். கார்டு ஆணையாயின் கார்டை வழங்கிய வங்கியே இதை அனுப்புகிறது. பதிவு செய்யும்போது தாங்கள் தேர்ந்தெடுத்தபடி குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ இது வரும். பழைய கைபேசி எண்ணோ, திறந்து பார்க்காத மின்னஞ்சல் முகவரியோ வங்கிப் பதிவில் இருந்தால், அறிவிப்பு அனுப்பப்பட்டும் தங்களை வந்தடையாது.

அறிவிப்பில் தேட வேண்டியவை

செய்தி எம்மொழியில் இருந்தாலும் அதில் ஐந்து விவரங்கள் இருக்க வேண்டும்: பணத்தைப் பெறும் நிறுவனத்தின் பெயர், எடுக்கப்படும் தொகை, எடுக்கப்படும் நாளும் நேரமும், ஆணையின் அடையாள எண், எதற்காக எடுக்கப்படுகிறது என்ற காரணம். ஆங்கிலம் பழகாதவர்கள் தொகையையும் தேதியையும் மட்டுமாவது முதலில் கண்டுகொள்ளலாம். இலக்கங்கள் எல்லா மொழிக்கும் பொது.

தொகையைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. ஆணையைப் பதிவு செய்கையில் நிலையான தொகையையும் குறிக்கலாம். மாறக்கூடிய தொகைக்கு உச்சவரம்பையும் குறிக்கலாம். செயலியில் 15,000 ரூபாய் ‘வரை’ என்று காணும் சிலர், அத்தனை பணமும் போய்விடுமோ என்று அஞ்சுகின்றனர். அது வரம்பு மட்டுமே. உண்மையில் எடுக்கப்படும் தொகை முன்னறிவிப்பில் இருப்பதுதான். ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. மாதம் 149 ரூபாய்க்குத் தொடங்கிய சேவை கட்டணத்தை 299 ரூபாயாக உயர்த்தினால், வரம்பு 1,000 ரூபாயாக இருக்கும் நிலையில் அந்த உயர்வுக்குப் புதிய ஒப்புதல் கேட்கப்படாது. உயர்வைப் பணம் போவதற்கு முன் வங்கி தங்களுக்குக் காட்டும் இடம் இந்த அறிவிப்பே. இலவச முன்னோட்டக் காலம் முடிந்து முதல் கட்டணம் தொடங்குவதும் இதில்தான் தெரியவரும்.

பொதுவாக 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட கோரிக்கைக்கு ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. அல்லது பின் எண் போன்ற கூடுதல் உறுதிப்பாடு வேண்டும். பரஸ்பர நிதி, காப்பீட்டுப் பிரீமியம், கிரெடிட் கார்டு பில் ஆகிய மூன்றுக்கு மட்டும் 2023 டிசம்பரில் இவ்வரம்பு ஒரு லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இம்முறை மட்டும் வேண்டாம், இனி எப்போதும் வேண்டாம்

அறிவிப்பைக் கண்டபின் வாடிக்கையாளருக்கு இரு வழிகள் உள்ளன. குறிப்பிட்ட அந்த ஒரு பற்றை மட்டும் மறுக்கலாம். அல்லது ஆணையையே நீக்கலாம். வங்கியின் செயலியிலோ இணைய வங்கிச் சேவையிலோ தானியங்கிப் பற்று ஆணைகளின் பட்டியலைத் திறந்து, அறிவிப்பில் உள்ள அடையாள எண்ணுடன் ஒப்பிட்டு இதைச் செய்யலாம். யு.பி.ஐ. ஆணையாயின், எந்தச் செயலியில் பதிவு செய்தீர்களோ அதே செயலியில் காணலாம். மறுப்பை உறுதி செய்யவும் ஓ.டி.பி. அல்லது பின் எண் கேட்கப்படும். தங்கள் பெயரில் பிறர் ஆணையை நீக்கிவிடாதிருக்கவே இந்தக் காப்பு.

சேவை நிறுவனத்தின் செயலியைக் கைபேசியிலிருந்து அழித்துவிடுவதால் ஆணை நீங்குவதில்லை. அதேபோல், ஆணையை நீக்கிவிட்டதாலேயே நிறுவனத்துடனான ஒப்பந்தம் முடிந்துவிட்டதாகவும் கொள்ள இயலாது. சந்தாவை நிறுவனத்திடமும் ஆணையை வங்கியிடமும் தனித்தனியே முடித்துக்கொள்வதே முறை.

கடன் தவணைக்கு இது பொருந்துமா?

இங்கேதான் பலர் தவறுகின்றனர். மேற்கூறிய 24 மணி நேர விதி கார்டு, யு.பி.ஐ. வழியான ஆணைகளுக்கு உரியது. கடன் தவணைகள் பெரும்பாலும் தேசியக் கொடுப்பனவுக் கழகம் நடத்தும் ‘நாச்’ முறையில் எடுக்கப்படுகின்றன. கணக்கு அறிக்கையில் இத்தகைய பற்றுகள் NACH அல்லது ACH என்ற குறிப்புடனும், ஆணைகள் UMRN எனும் அடையாள எண்ணுடனும் காணப்படும். தவணைக்கு முன் கடன் நிறுவனம் அனுப்பும் செய்தி ஒரு நினைவூட்டல். கணக்கில் பணத்தைத் தயாராக வைக்கும்படி கேட்பது. சந்தாவைப் போல அதை ‘வேண்டாம்’ என்று சொல்லி முடித்துவிட முடியாது. வங்கிக்கு எழுதி நாச் ஆணையை நிறுத்தலாம். ஆனால் ஆணை நின்றாலும் கடன் நிற்பதில்லை. தவணையை வேறு வழியில் அதே நாளில் செலுத்தியாக வேண்டும்.

தவணை திரும்பினால் இரு பக்கமும் செலவு. கணக்குள்ள வங்கி திரும்பல் கட்டணம் விதிக்கும். கடன் நிறுவனமும் தனியே கட்டணம் விதிக்கும்.  நிறுவனம் அதே தவணையை மீண்டும் அனுப்பி, அதுவும் திரும்பினால் கட்டணம் மறுபடியும் விழக்கூடும். தாமதம் நீடித்தால் கடன் மதிப்பீட்டு அறிக்கையிலும் பதிவாகும். போதிய பணமின்றி மின்னணுப் பற்று திரும்புவதைக் கொடுப்பனவு மற்றும் தீர்வு முறைகள் சட்டம், 2007, பிரிவு 25 காசோலை திரும்புவதற்கு இணையான குற்றமாகவே கருதுகிறது. திரும்பிய விவரம் கிடைத்த 30 நாட்களுக்குள் நிறுவனம் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பி, அதைப் பெற்ற 15 நாட்களுக்குள்ளும் தொகை செலுத்தப்படாவிடில் வழக்குத் தொடர வழி உண்டு.

2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் முறை ஞாயிறு, விடுமுறை நாட்களிலும் இயங்குகிறது. 5ஆம் தேதி ஞாயிறு, திங்களன்றுதான் எடுப்பார்கள் என்ற பழைய கணிப்பு இனி உதவாது. பற்று காலையிலேயே வந்துவிடக்கூடும். ஆகவே முந்தைய இரவே தொகை கணக்கில் இருப்பது நன்று.

முன்னறிவிப்பு வராத பற்றுகள்

பொம்மனஹள்ளி வாசிகள் அன்றாடம் சந்திக்கும் இரு விதிவிலக்குகளைச் சொல்ல வேண்டும். ஓசூர் சாலைச் சுங்கச்சாவடிகளில் பயன்படும் ஃபாஸ்டாக்கையும், மெட்ரோவில் பயன்படும் தேசியப் பொதுப் பயண அட்டையையும் இருப்பு குறையும்போது தானே நிரப்பிக்கொள்ளும்படி அமைக்கலாம். எப்போது நிரப்ப நேரும் என்று முன்கூட்டி அறிய இயலாததால், 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இவ்விரண்டுக்கும் 24 மணி நேர அறிவிப்பிலிருந்து விலக்களித்தது. இவ்வசதியைத் தேர்ந்தவர்கள், ஒருமுறை நிரப்பப்படும் தொகையைத் தவணைக் கணக்கில் எப்போதும் கூடுதலாக வைத்திருப்பது பாதுகாப்பு.

போலிச் செய்தியை அறிவது

‘நாளை 4,999 ரூபாய் எடுக்கப்படும், நிறுத்த இங்கே தொடவும்’ என்று மோசடிக்காரர்களும் செய்தி அனுப்புகின்றனர். பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தாலோ, அழைத்துப் பேசி ஓ.டி.பி. கேட்டாலோ ஐயமின்றிப் போலி. உண்மையான செய்தியிலும் இணைப்பு இருக்கலாம்; எனினும் அதைத் தொடாமல், செயலியைத் தாங்களே திறந்து ஆணைப் பட்டியலைப் பார்ப்பதே உறுதியான வழி. பட்டியலில் அந்த ஆணை இல்லையெனில் கிளையிலோ வாடிக்கையாளர் சேவை எண்ணிலோ விசாரித்து உறுதி செய்துகொள்ளவும்.

தாங்கள் ஒப்புதல் அளிக்காத பற்று நிகழ்ந்திருந்தால் உடனே, அதிகபட்சம் மூன்று வேலை நாட்களுக்குள், வங்கியில் புகார் பதிந்து எண்ணைப் பெற்றுக்கொள்ளவும். 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் முறையிடலாம்.

3ஆம் தேதி மாலைக்குத் திரும்புவோம்

நமது எடுத்துக்காட்டில் உள்ளவர் அன்று செய்தியைத் திறந்திருந்தால் இரண்டு இலக்கங்கள் அவருக்குப் போதும்: 1,499, 4ஆம் தேதி. தவணை 3,870 ரூபாயுடன் கூட்டினால் தேவை 5,369, இருப்போ 5,120. செயலியில் சந்தாவை இம்முறை மட்டும் மறுத்திருக்கலாம். சேவை சில நாட்கள் தடைப்பட்டிருக்கும். சம்பளம் வந்தபின் புதுப்பித்துக்கொண்டிருக்கலாம். அல்லது 4ஆம் தேதி இரவுக்குள், கணக்கின் குறைந்தபட்ச இருப்பையும் கருதி, 249 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலாகக் கணக்கில் சேர்த்திருக்கலாம்.

இந்த நெருக்கடி ஒவ்வொரு மாதமும் திரும்பாதிருக்க வேறொரு வேலையும் உண்டு. சம்பளம் 7ஆம் தேதி, தவணை 5ஆம் தேதி என்ற ஏற்பாட்டிலேயே பிழை இருக்கிறது. தவணைத் தேதியை 10ஆம் தேதிக்கு மாற்றித் தருமாறு கடன் நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்கலாம். அவர்கள் இசைந்தால் புதிய ஆணை பெறப்படும். அப்போது பழைய ஆணை நீக்கப்பட்டதைப் பட்டியலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். இல்லையேல் ஒரே மாதத்தில் இரு கோரிக்கைகள் வரக்கூடும். கடன் முழுவதும் தீர்ந்தபின்னும் இதே சரிபார்ப்பு தேவை: நிலுவையில்லாச் சான்று பெற்ற அன்றே ஆணையும் நீங்கிவிட்டதா என்று பார்த்துவிடவும்.