டெங்கு காய்ச்சலில் பாராசிட்டமால் எவ்வளவு? வேறு மருந்து ஏன் கூடாது?

மழைக்காலம் தொடங்கியதும் குழந்தைகள் நல மருத்துவராக நான் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வி: "டாக்டர், பாராசிட்டமால் குடுத்தும் காய்ச்சல் நிக்கல. வேற ஏதாவது ஸ்ட்ராங்கா குடுக்கலாமா?" குழந்தைக்கு இருப்பது டெங்கு என்றால், இந்த 'ஸ்ட்ராங்' மருந்தில்தான் சிக்கலே இருக்கு. இன்னைக்கு அதைப் பத்திப் பேசலாம்.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். நாலு வயசுப் பையன், எடை 14 கிலோ. காய்ச்சலுக்கு இது இரண்டாவது நாள், 104 டிகிரி. என்.எஸ்.1 பரிசோதனையில் டெங்கு என்று வந்துவிட்டது. தண்ணீர் குடிக்கிறான், சிறுநீர் போகிறான், அதனால் வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறோம். இவனுக்கு எவ்வளவு மருந்து?

முதல் விஷயம், வயசை வைத்துக் கணக்குப் போடாதீங்க, எடையை வைத்துப் போடுங்க. சாதாரணக் காய்ச்சலுக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வரை ஒரு வேளைக்குக் கொடுப்போம். டெங்குவில் 10 மி.கி. அளவையே பின்பற்றச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். காரணம், டெங்கு வைரஸ் கல்லீரலையும் பாதிக்கும். பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்ற வேண்டியதும் அதே கல்லீரல்தான். ஏற்கெனவே சோர்ந்திருக்கும் உறுப்புக்குக் கூடுதல் சுமை வேண்டாம். ஆக, நம்ம பையனுக்கு ஒரு வேளைக்கு 140 மி.கி. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் கூடாது. 24 மணி நேரத்தில் அதிகபட்சம் நாலு முறை.

இந்த 140 மி.கி.யை எத்தனை மி.லி. என்று மாற்றும்போதுதான் தவறு நடக்கிறது. கடையில் மூணு விதமான பாட்டில் கிடைக்கும். 5 மி.லி.யில் 120 மி.கி. இருக்கும் சிரப் என்றால், 6 மி.லி. கொடுக்கணும். 5 மி.லி.யில் 250 மி.கி. இருக்கும் சிரப் என்றால், 3 மி.லி.யே போதும், சொல்லப்போனால் 2.8. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். அதில் 1.4 மி.லி.தான்.

இப்போ பாருங்க. "6 மி.லி. குடுங்க" என்று மட்டும் மனசில் வைத்துக்கொண்டு, வீட்டில் இருக்கும் 250 பாட்டிலில் இருந்து ஊற்றினால் 300 மி.கி. போய்விடும். சொட்டு மருந்து பாட்டிலில் இருந்து எடுத்தால் 600 மி.கி. ஒவ்வொரு வேளையும் நாலு மடங்குக்கு மேல்! பெயர் ஒன்றுதான், பாட்டிலும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் லேபிளில் 5 மி.லி.க்கு எத்தனை மி.கி., அல்லது ஒரு மி.லி.க்கு எத்தனை என்று பார்த்த பிறகே அளந்து எடுங்க. சமையலறை ஸ்பூன் வேண்டாம். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்தால் அளவு சரியா வரும்.

இன்னொரு இடத்திலும் கூடுதலாகப் போகும். பல சளி மருந்து சிரப்களில் பாராசிட்டமாலும் கலந்திருக்கும். அதையும் இதையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகிவிடும்.

சரி, மருந்து கொடுத்தாச்சு. ஒரு மணி நேரத்தில் 104 இருந்தது 102 ஆகிறது. நாலு மணி நேரத்தில் மறுபடியும் 104. "மருந்து வேலை செய்யல"ன்னு அம்மா பயப்படுறாங்க. உண்மையில் மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது. டெங்கு காய்ச்சல் முதல் சில நாட்கள் அப்படித்தான் இருக்கும். பாராசிட்டமால் வைரஸை விரட்டுவதில்லை. உடம்பு வலி குறைந்து, பிள்ளை கொஞ்சம் எழுந்து தண்ணீர் குடித்தால் அதுவே அந்த மருந்தின் பலன். தெர்மாமீட்டரில் 98.6 வரணும் என்பது நம் இலக்கு இல்லை. அடுத்த வேளைக்கு நேரம் ஆகவில்லையா? வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துவிடுங்க. ஐஸ் தண்ணீர் வேண்டாம், நடுக்கம் வந்துவிடும்.

இந்த இடைவெளியில்தான் பக்கத்து வீட்டுக்காரரோ மருந்துக் கடைக்காரரோ வேறொரு சிரப்பைச் சொல்வார்கள். பெரும்பாலும் அது மெஃபெனமிக் ஆசிட், இல்லாவிட்டால் ஐபுபுரூஃபென். காய்ச்சல் நன்றாகவே இறங்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவை காய்ச்சலை இறக்கும் அதே வழியில், ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தேவையான பொருள் உருவாவதையும் தடுக்கின்றன. வயிற்றின் உள்சுவருக்குப் பாதுகாப்பாக இருக்கும் படலத்தையும் பலவீனமாக்குகின்றன.

டெங்குவில் தட்டணுக்களின் எண்ணிக்கையே குறைந்துகொண்டிருக்கும். மிச்சம் இருப்பவற்றையும் வேலை செய்ய விடாமல் செய்து, வயிற்றையும் புண்ணாக்கினால் ரத்தக்கசிவுக்கு நாமே வழி செய்த மாதிரி ஆகும். அதோடு, ரத்தக் குழாய்களில் இருந்து நீர் கசிந்து உடம்பில் நீர் குறையும் நேரத்தில் இந்த மருந்துகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைத்துவிடும்.

ஆஸ்பிரினும் கூடவே கூடாது. அது தட்டணுவை அதன் ஆயுள் முழுக்க முடக்கிவிடும். டைக்ளோஃபெனாக்கும் இதே குடும்பம்தான். அதை ஊசியாகப் போட்டால், குத்திய இடத்தில் தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. நிமெசுலைடு 12 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இந்தியாவில் 2011லேயே தடை செய்யப்பட்டது. சில சிரப்களில் பாராசிட்டமாலோடு ஐபுபுரூஃபெனோ மெஃபெனமிக் ஆசிடோ சேர்ந்தே இருக்கும். முன்பக்கத்தில் உள்ள பெயரை நம்பாமல், உள்ளடக்கத்தில் பாராசிட்டமால் மட்டும்தான் இருக்கா என்று பாருங்க.

"டாக்டர், டெங்குன்னு தெரியறதுக்கு முன்னாடியே ஒரு வேளை குடுத்துட்டேனே?" ஒரு வேளை கொடுத்ததால் கட்டாயம் ரத்தக்கசிவு வரும் என்று இல்லை. அதோடு நிறுத்திவிட்டு, என்ன மருந்து, எப்போது கொடுத்தீங்க என்று மருத்துவரிடம் சொல்லுங்க. மறைக்க வேண்டாம். டெங்கு பரவும் காலத்தில் எந்தக் காய்ச்சலுக்கும், டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும் என்பதே பாதுகாப்பு.

கடைசியா ஒன்று. மூணாம் நாளில் இருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். "அப்பாடா"ன்னு நாம் மூச்சுவிடும் அந்த நேரத்தில்தான் ரத்தக் குழாய்களில் இருந்து நீர் கசிவது தீவிரமாகும். அடுத்த ஒன்று, இரண்டு நாட்கள் தெர்மாமீட்டரை விடப் பிள்ளையைக் கவனியுங்க. கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், கறுப்பாக மலம், கை கால் சில்லென்று ஆவது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, ஆறு மணி நேரமாக சிறுநீர் போகாதது. இதில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த வேளை மருந்துக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்க. ஈரல் பாதிப்பு அதிகம் என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் பாராசிட்டமாலையே குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கும். அதை மருத்துவர் முடிவு செய்வார்.

இப்போதைக்கு ஒரு வேலை செய்யுங்க. வீட்டில் இருக்கிற சிரப் பாட்டிலை எடுத்து, உள்ளே என்னென்ன இருக்கு, 5 மி.லி.க்கு எத்தனை மி.கி. என்று படிங்க. உங்க பிள்ளையின் இப்போதைய எடைக்கு எத்தனை மி.லி. என்று மருத்துவரிடம் கேட்டு, அதை ஒரு தாளில் எழுதி அந்தப் பாட்டில் மேலேயே ஒட்டிவிடுங்க.