யாரும் அழுத்தாத 9

எங்கள் மாடி அறைக் கதவுக்கு எண் தட்டித் திறக்கும் பூட்டு ஒன்றை நானே செய்து மாட்டியிருந்தேன். ரகசிய எண் 1350. ஆறேழு மாதம் ஒழுங்காக வேலை செய்தது. பிறகு என் மகள் தட்டினால் மட்டும் கதவு மறுக்க ஆரம்பித்தது. அவளுக்கு விரல் வேகம் அதிகம். நான் நிறுத்தி நிதானமாகத் தட்டினால் உடனே திறந்துவிடும். மைக்ரோகண்ட்ரோலரைக் கணினியில் இணைத்து, அவளைத் தட்டச் சொல்லிப் பார்த்தேன். திரையில் வந்த எண்கள்: 1, 3, 9, 5, 0. அந்த 9-ஐ அவள் தொடவே இல்லை.

அது எங்கிருந்து வந்தது என்று புரிய, கீபேடின் உள்ளே பார்க்க வேண்டும். அதில் பன்னிரண்டு பட்டன்கள் இருந்தாலும் வெளியே வருவது ஏழே கம்பிகள்தான். நான்கு கம்பிகள் குறுக்காகவும் மூன்று நெடுக்காகவும் ஓடுகின்றன. இரண்டும் கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பட்டன். 1, 2, 3 மூன்றும் முதல் குறுக்குக் கம்பியில் இருக்கின்றன. 1, 4, 7, நட்சத்திரம் நான்கும் இடது நெடுக்குக் கம்பியில். ஒரு பட்டனை அழுத்தினால் அதன் குறுக்கும் நெடுக்கும் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

நெடுக்குக் கம்பிகள் மூன்றையும் மின்தடை வழியாக 5 வோல்ட்டில் நிறுத்தி வைத்திருப்போம். மைக்ரோகண்ட்ரோலர் குறுக்குக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பூஜ்ஜிய வோல்ட்டுக்கு இறக்கி, எந்த நெடுக்கு கூடவே இறங்குகிறது என்று பார்க்கும். மூன்றாம் குறுக்கை இறக்கும்போது இடது நெடுக்கு இறங்கினால், அழுத்தப்பட்டது 7. நான்கு குறுக்கையும் சுற்றி முடிக்க ஒரு மில்லிவினாடிகூட ஆகாது.

எங்கள் கீபேடில் 7-ஆம் பட்டன் அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் எண்ணில் 7 இல்லாததால் யாரும் கவனிக்கவில்லை. மகள் 1-இலிருந்து விரலை எடுக்கும் முன்பே 3-ஐத் தொட்டுவிடுவாள். அந்த நொடியில் 1, 3, 7 மூன்றும் சேர்ந்து அமுங்கியிருக்கும். இப்போது மூன்றாம் குறுக்கு பூஜ்ஜியத்துக்கு இறங்கினால், அந்த இறக்கம் 7 வழியாக இடது நெடுக்குக்கும், அங்கிருந்து 1 வழியாக முதல் குறுக்குக்கும், பிறகு 3 வழியாக வலது நெடுக்குக்கும் போய்ச் சேர்கிறது. மூன்றாம் குறுக்கும் வலது நெடுக்கும் கடக்கும் இடம் 9. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகள் அமுங்கினால், நான்காவது தானாகவே அமுங்கியதுபோல் தெரியும். இதைத்தான் பேய் அழுத்தம் என்கிறார்கள். இரண்டு பட்டன்களால் மட்டும் இது ஒருபோதும் நேராது.

ஓய்வில் இருக்கும் குறுக்குக் கம்பிகளை 5 வோல்ட்டில் பிடித்து வைத்தால் இந்தச் சுற்றுவழி அடைபடுமே என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். ஒரே நெடுக்கில் இரண்டு பட்டன் அமுங்கினால், 5 வோல்ட் தரும் பின்னும் பூஜ்ஜியத்துக்கு இழுக்கும் பின்னும் நேருக்கு நேர் மோதும், சிப்பே கெடலாம். ஓய்வுக் கம்பிகளை எதனுடனும் பிணைக்காமல் மிதக்க விடுவதே சரி.

முழுமையான மருந்து, ஒவ்வொரு பட்டனோடும் ஒரு 1N4148 டையோடு. நெடுக்கிலிருந்து குறுக்குக்கு மட்டும் மின்சாரம் ஓடும்படி வைத்தால், பேயின் பாதை 1-இல் திரும்பி ஓட முடியாமல் அறுந்துவிடும். ஆனால் என்னுடையது மெல்லிய தாள்களை ஒட்டிச் செய்த கீபேட். அதற்குள் டையோடு வைக்க இடமில்லை. எனவே நிரலை மாற்றினேன்: ஒரே ஒரு பட்டன் அமுங்கியிருந்தால் மட்டும் ஏற்றுக்கொள், ஒன்றுக்கு மேல் தெரிந்தால் எதையும் ஏற்காமல் காத்திரு. மகள் 1-ஐ விட்டதும் 3 மட்டும் மிஞ்சும், அப்போது அது பதிவாகும். கதவுக்கு ஒரு நேரத்தில் ஓர் எண் போதும் என்பதால் இதில் இழப்பில்லை.

மாற்றியதும் பூட்டு யாருக்குமே திறக்கவில்லை. ஒட்டிய 7 எப்போதும் கணக்கில் இருந்ததே காரணம். பழுதான கீபேட் தப்பான எண்ணை ஊகிப்பதைவிட மௌனமாக இருப்பதே கதவுக்கு நல்லது என்று, அந்த விதியை அப்படியே விட்டுவிட்டுப் புதிய கீபேட் வாங்கினேன்.

பார்க்க அச்சு அசல் பழையதுதான். கம்பிகளின் வரிசை மட்டும் வேறு. மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கு வைத்து, 1-ஐ அழுத்தியபடி எந்த இரண்டு கம்பிக்கு ஒலி வருகிறது என்று தேடினேன். அடுத்து 2, 3. மூன்றுக்கும் பொதுவான கம்பி முதல் குறுக்கு. மற்ற மூன்றும் நெடுக்குகள். பிறகு 4, 7, நட்சத்திரம் ஆகியவற்றை அழுத்த, மீதிக் குறுக்குகளும் தெரிந்துவிட்டன. ஆறு பட்டன்களிலேயே ஏழு கம்பிகளின் பெயரும் கிடைத்தன. அவற்றை மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே கொண்டுபோனேன். மைக்ரோகண்ட்ரோலரும் பூட்டை இயக்கும் ரிலேயும் அறைக்குள்ளேயே இருக்கின்றன. வெளியே யாராவது கீபேடைப் பிய்த்துக் கம்பிகளை ஒன்றோடொன்று தொட்டாலும், பட்டன் தட்டியதற்கு மேல் எதுவும் நடக்காது.