'பஸ் நிற்கும் வரை'யா, 'நிற்காத வரை'யா? எது சரி?

நாமக்கல் பக்கம் காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்குப் போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வழியில் ஓடும் பஸ்ஸில் இப்படி ஒரு வரி எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்: "பஸ் நிற்கும் வரை இறங்காதீர்கள்". இல்லையென்றால், "பஸ் நிற்காத வரை இறங்காதீர்கள்". ஒன்றில் 'நிற்கும்', இன்னொன்றில் அதற்கு நேர் எதிரான 'நிற்காத'. ஆனால் இரண்டையும் படிப்பவர் ஒரே மாதிரிதான் நடந்துகொள்வார். அப்படியென்றால் அந்த எதிர்மறை சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கிறதா?

இல்லை. விஷயம் 'வரை'யில் இருக்கிறது.

'வரை'க்கு இரண்டு முகம்

"மழை நிற்கும் வரை கடையில் இரு" என்றால், மழை நிற்கிற அந்த நொடி எல்லை. அதுவரை காத்திருக்க வேண்டும். "பணம் இருக்கும் வரை செலவு செய்வான்" என்றால், பணம் இருக்கிற காலம் முழுக்க. முதலாவது எல்லைக் கோட்டைக் காட்டுகிறது. இரண்டாவது கால நீளத்தைக் காட்டுகிறது.

எது எப்போது வரும் என்பதை வினைச்சொல்தான் முடிவு செய்கிறது. வருவது, முடிவது, உடைவது எல்லாம் ஒரு கணத்தில் நடக்கும் சங்கதிகள். அங்கே 'வரை' எல்லைக் கோடு. இருப்பது, வாழ்வது எல்லாம் நீடிக்கிற நிலை. அங்கே 'வரை' கால நீளம்.

இப்போது 'வராத' என்பதைப் பாருங்கள். வருவது ஒரு கணம். ஆனால் வராமல் இருப்பது நீடிக்கிற நிலை. அதனால் 'வராத வரை' என்றாலே 'வராமல் இருக்கும் காலம் முழுக்க' என்று ஆகிவிடுகிறது. அந்தக் காலம் முடிகிற இடமும் 'வரும்' கணமும் ஒன்றுதான். இரண்டு வாக்கியமும் ஒரே காலத்தைக் காட்டுவது இதனால்தான்.

எங்கே வித்தியாசம்?

கொல்லிமலையில் மிளகைப் பறித்து வெயிலில் காயப் போடுவார்கள். "மழை வரும் வரை மிளகு காயட்டும்" என்று ஒருவர் சொன்னால், மழை வரும் என்று அவர் எதிர்பார்க்கிறார். "மழை வராத வரை மிளகு காயட்டும்" என்றால், மழை வரலாம், வராமலும் போகலாம். இங்கே 'வராத வரை' கொஞ்சம் நிபந்தனை மாதிரி பேசுகிறது.

ஆபீஸ் மெயிலிலும் இதே கதைதான். "பணம் வரும் வரை வேலையைத் தொடங்க மாட்டோம்" என்பதில் பணம் வரும் என்ற நம்பிக்கை தெரிகிறது. "பணம் வராத வரை தொடங்க மாட்டோம்" என்பதில் கண்டிப்பு தெரிகிறது.

எதிர்மறை தேவைப்படும் இடம்

பஸ்ஸுக்குத் திரும்புவோம். 'நிற்பது' என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. ஓடுவது நின்றுபோவது ஒன்று. நின்றுகொண்டே இருப்பது இன்னொன்று. அதனால் "பஸ் நிற்கும் வரை இறங்காதீர்கள்" என்பதை, 'பஸ் நின்றுகொண்டிருக்கும்போது இறங்காதீர்கள்' என்றும் படிக்கலாம். அப்படி யாரும் எழுத மாட்டார்கள் என்று நமக்குத் தெரிவதால்தான் குழப்பம் வருவதில்லை.

"குழந்தை தூங்கும் வரை சத்தம் போடாதீங்க" என்பதில் குழப்பம் நிஜமாகவே வரும். தூக்கம் பிடிக்கிற வரைக்குமா, தூங்கி முடிக்கிற வரைக்குமா? வீட்டுக்கு வந்த விருந்தாளி எப்போது பேசத் தொடங்கலாம் என்பதே இதில் மாறிவிடும். "தூங்காத வரை" என்றால் முதல் பொருள் மட்டும்தான். "எழுந்திருக்கும் வரை" என்றால் இரண்டாவது.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை: வினையோடு 'கொண்டிருக்கும்' சேர்த்துப் பாருங்கள். "தூங்கிக்கொண்டிருக்கும் வரை" என்று மாற்றினாலும் வாக்கியம் பொருந்துகிறது என்றால், அதற்கு இரண்டாவது பொருளும் இருக்கிறது.

இங்கிலீஷில் ஏன் தப்பு?

இந்தியில் 'ஜப் தக்' என்பது பெரும்பாலும் கால நீளத்தைக் குறிக்கும். எனவே 'அவர் வரும் வரை' என்று சொல்ல அங்கே 'நஹீ' சேர்க்கிறார்கள். இத்தாலிய மொழியிலும் 'ஃபின்கே'வுடன் 'நோன்' சேர்க்கும் வழக்கம் உண்டு. ஆனால் இங்கிலீஷ் 'அன்டில்' எல்லைக் கோட்டை மட்டுமே காட்டும். அதனால்தான் "அன்டில் யூ டோன்ட் அப்ரூவ்" என்பது அங்கே தப்பு. "அன்டில் யூ அப்ரூவ்" போதும். எதிர்மறை வேண்டுமென்றால் அது அடுத்த பாதியில், 'தொடங்க மாட்டேன்' என்கிற பக்கத்தில் வரும்.

தமிழில் இரண்டுமே சரி. பாதுகாப்பு அறிவிப்பு எழுதுபவர் மட்டும் 'வரை'யையே விட்டுவிடலாம்: "பஸ் நின்ற பிறகே இறங்கவும்."