வேலியும் எல்லையும்

போன கிழமை, எங்கள் சண்டிலிப்பாய் ஒழுங்கையில் இருக்கும் கல்லூரி மாணவி ஒருத்தி ஒரு கடிதத்தோடு வந்தாள். யாழ்ப்பாணத்தில் ஒரு கொம்பனியில் தொழிற்பயிற்சி செய்கிறாள். பயிற்சியை நீட்டித் தரும்படி அங்குள்ள வழிகாட்டிக்கு எழுதிய கடிதம் அது. “மாமா, இலக்கணம் மட்டும் பாருங்கோ. வேறை ஒண்டும் மாத்த வேண்டாம்” என்றாள். பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருந்த எனக்கு அந்த ‘மட்டும்’ பிடித்துக்கொண்டது. கடிதம் இதுதான்:

“மதிப்பிற்குரிய ஐயா, எனது பயிற்சி காலம் ஓகஸ்ட் 31ஆம் திகதியுடன் முடிவடைகின்றது. இதுவரை 4 மாதக் கணக்குகள் கணினியில் ஏற்றப்பட்டுள்ளது. அறிக்கைத் தயாரிக்க மேலும் 6 வாரங்கள் தேவை. தாங்கள் அனுமதி தந்து நான் அறிக்கையை முடித்துவிடுவேன். எனவே ஒக்டோபர் 5ஆம் திகதி வரை பயிற்சியை நீட்டித்து தருமாறு தயவாய்க் கேட்கிறேன்.”

‘கணக்குகள்’ பன்மை. ஆகவே ‘ஏற்றப்பட்டுள்ளன’. அதில் வாதமில்லை.

அடுத்தது ஒற்று. ‘பயிற்சி காலம்’ என்ற இடத்தில் ‘க்’ இல்லை. பயிற்சிக்கு உரிய காலம் என்பதால் ‘பயிற்சிக் காலம்’ என்று வரவேண்டும். ‘நீட்டித்து தருமாறு’ என்பதிலும் ‘த்’ விடுபட்டிருக்கிறது. ‘அறிக்கைத் தயாரிக்க’ என்பதிலோ வேண்டாத ‘த்’ ஏறியிருக்கிறது. அறிக்கையைத் தயாரிக்க என்பதுதான் பொருள். அந்த ‘ஐ’ உருபு மறைந்து நிற்கும்போது வல்லெழுத்து மிகாது. உருபு வெளிப்பட்டால் மிகும். சந்தேகம் வந்தால் ‘ஐ’யைப் போட்டு வாசித்துப் பாருங்கள். பொருள் சரியாக வந்தால், ‘ஐ’ இல்லாத வடிவத்தில் ஒற்றை எடுத்துவிடலாம். ‘வேலை தேடி’ என்பதை ‘வேலைத் தேடி’ என்று எழுதுகிறவர்கள் விழுவதும் இந்தக் குழியில்தான். ஒற்று அலங்காரம் அல்ல. ‘தந்த பலகை’ ஒருவர் கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தில் செய்தது. எங்கள் கல்வளைப் பிள்ளையார்மேல் நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் பாடியது யமக அந்தாதி. ஒரே எழுத்துக்கோவையை வேறு வேறாகப் பிரித்து வேறு வேறு பொருள் காண வைப்பது யமகம். இந்த ஊர்க்காரருக்கு ஓர் எழுத்தின் பெறுமதியை நான் சொல்லத் தேவையில்லை.

என்னை மெய்யாகவே நிறுத்தியது நான்காவது வாக்கியம். “தாங்கள் அனுமதி தந்து நான் அறிக்கையை முடித்துவிடுவேன்.” ‘தந்து’ போன்ற செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம் பெரும்பாலும் தன் எழுவாயின் வினையையே கொண்டு முடியவேண்டும். ‘நான் வந்து சாப்பிட்டேன்’ என்றால் வந்தவரும் சாப்பிட்டவரும் ஒருவரே. இங்கே தருகிறவர் ஐயா, முடிக்கிறவள் மாணவி. ஆகவே பிழை. ஆனால் இதற்குத் திருத்தம் ஒன்றல்ல. ‘தந்தால்’ என்றால் அனுமதி இன்னும் சந்தேகத்தில் இருக்கிறது. ‘தந்ததும்’ என்றால் அது வரும் என்று எண்ணியாயிற்று. ‘தந்தபடியால்’ என்றால் ஏற்கனவே வந்துவிட்டது. மூன்றும் இலக்கணப்படி சரி. கேட்கிற தொனிதான் மூன்று. எதைப் போடுவது என்று இலக்கணம் சொல்லாது, எழுதியவர்தான் சொல்லவேண்டும். ஓரத்தில் பென்சிலால் மூன்றையும் எழுதிக் கேள்விக்குறி இட்டேன்.

இன்னொரு கேள்விக்குறியும் விழுந்தது. ஓகஸ்ட் 31இலிருந்து 6 வாரம் எண்ணினால் ஒக்டோபர் 12 வரும். ஒக்டோபர் 5 என்றால் 5 வாரம்தான். வாரம் பிழையா, திகதி பிழையா? எனக்குத் தெரியாததை நான் திருத்தக்கூடாது. காணாததுபோல் விடவும் கூடாது.

‘திகதி’யையும் ‘ஓகஸ்ட்’டையும் தொடவில்லை. தமிழ்நாட்டில் தேதி, ஆகஸ்ட் என்பார்கள். இங்கே இதுதான் வழக்கு. ‘தயவாய்க் கேட்கிறேன்’ என்பதையும் விட்டேன். பழைய கந்தோர்க்காரர் யாரிடமாவது இது போயிருந்தால் ‘தாழ்மையுடன் வேண்டி நிற்கின்றேன்’ என்று மாறியிருக்கும். பிள்ளை எழுதியதைப் பெரியவர் எழுதியதாக்கித் திருப்பிக் கொடுப்பதை நாங்கள் உதவி என்கிறோம். அந்த வழிகாட்டி 4 மாதமாக இவளோடு கதைத்துப் பழகியவர். யாருடைய குரல் இது என்று அவருக்குத் தெரியாதா?

திருத்துவதும் வேலி அடைப்பது போலத்தான். என் சின்ன வயதில் எங்கள் ஐயா வருடாவருடம் ஆளைக் கூப்பிட்டு வேலி அடைப்பிப்பார். உக்கிய ஓலையை மாற்றலாம், பட்ட கதியாலைப் பிடுங்கி அதே குழியில் வேறு நடலாம். ஒரு சாண் தள்ளி நட்டால் அயலவர் வழக்குக்குப் போவார். ஐயா கதிரையைப் போட்டுக் குழிகளைப் பார்த்தபடியே இருப்பார்.

மாணவி பின்னேரம் வந்தாள். திகதியில் 12 என்று போட்டாள். பென்சிலால் எழுதிய மூன்றையும் வாசித்துவிட்டுச் சிரித்தாள். “தந்தால் எண்டுதான் மாமா. இன்னும் கேக்கவேயில்லை.”